காலியாக இருந்தால் விட்டுவிடு

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளைத் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த முதல் வாரத்தில், இரண்டு தாள் அச்சடித்தால் மூன்று தாள் என்று காட்டிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை இரண்டு நாள் விடாமல் ஆராய்ந்தாள். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இவங்க கையில தேங்காயைக் குடுத்தா ஓட்டையும் சேத்துத் துருவிடுவாங்க" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை மறுக்கவில்லை.

சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு மின்னஞ்சல் வந்து காத்திருக்கும். அதில் இரண்டே வரிகள். ஒப்பிட்ட பதிவுகள்: 612. வேறுபாடு: 0.

அந்த 612 பேரும் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களைப் பற்றிய விவரம் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று மருத்துவமனையின் சொந்தப் பதிவேடு. இன்னொன்று, ஊரின் மறுகோடியில் தனி அலுவலகமாக இயங்கிய உறுப்பு ஒதுக்கீட்டு மையத்தின் காத்திருப்புப் பட்டியல். யாராவது இறந்து உறுப்பு தானமாகக் கிடைத்தால், யாருக்குப் போக வேண்டும் என்று மையத்தின் கணினிதான் வரிசைப்படுத்தும். மருத்துவமனையில் ஒருவருக்குக் காய்ச்சல், கிருமித்தொற்று என்று ஏதாவது வந்தால் அவருடைய நிலையைத் 'தற்காலிக நிறுத்தம்' என்று மாற்றுவார்கள். குணமானதும் மறுபடியும் 'தயார்'. ஒவ்வொரு மாற்றமும் ஒரு செய்தியாக மையத்துக்குப் போகும். போகிற செய்திகளில் ஏதாவது வழியில் தொலைந்துபோகலாம் என்பதால், தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நிரல் தானாக ஓடி, மையத்தின் பட்டியலை முழுசாக இறக்கி, நம் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கே விலகியிருக்கிறது என்று சொல்லும். அலுவலகத்தில் அதற்கு ரீகான் என்று பெயர்.

ரீகான் சொன்னது சுழியம். நேற்றும் சுழியம். போன மாதமும் சுழியம். அவள் பழைய மின்னஞ்சல்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். பதினொரு மாதமாகச் சுழியம்.

மேலாளருக்கு அது பெருமை. மாதாந்தரக் கூட்டத்தில் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் திரையில் போடுவார். அவளுக்கோ அது உறுத்தியது. ஆறு எழுத்தர்கள் தினமும் கையால் தட்டச்சு செய்கிறார்கள். நடுவில் ஒரு பழைய இணைப்பு, வாரம் ஒருமுறையாவது படுத்துவிட்டுத்தான் எழும். இதில் பதினொரு மாதம் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை என்றால் நம்பும்படியாக இல்லை.

அன்று மாலை சாப்பிடும்போது கணவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எலக்ட்ரீஷியன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னாள். எந்தப் பிரச்சனையும் இல்லை என்பதுதான் பிரச்சனை என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"வயர்ல கரண்ட் இல்லைன்னு டெஸ்டர் சொன்னா, நான் உடனே கை வைக்க மாட்டேன். டெஸ்டரை மொதல்ல கரண்ட் இருக்கற ஒரு பிளக்ல வச்சுப் பாப்பேன். அங்க எரிஞ்சாத்தான் இங்க எரியாததுக்கு அர்த்தம்" என்றான்.

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. இதை ஏன் மூன்று மாதமாகச் செய்யவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மையத்திலிருந்து வந்த கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்தாள். நகலில் ஒரு நோயாளியின் இரத்த வகையை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, ரீகானைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். வேறுபாடு: 1. சரி, கண் இருக்கிறது. தொலைபேசி எண்ணை மாற்றினாள். 1. பிறகு ஒருவரின் நிலையைத் 'தயார்' என்பதிலிருந்து 'நிறுத்தம்' என்று மாற்றினாள்.

வேறுபாடு: 0.

தவறாகச் சேமித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை செய்தாள். இந்த முறை இருபது பேருடைய நிலையை மாற்றினாள். சுழியம். குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே வைத்தாள்.

நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். கண்டுபிடிக்க அரை மணி நேரம்தான் ஆனது. பதினொரு மாதத்துக்கு முன்பு மையம் தன் குறியீடுகளை மாற்றியிருந்தது. அதுவரை நிலையை ஓர் எழுத்தால் குறித்தவர்கள், எண்ணால் குறிக்க ஆரம்பித்தார்கள். நம் நிரலுக்குப் புதிய எண்களின் பொருள் தெரியாது. தெரியாத குறியீட்டை அது காலிக் கட்டமாக எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே, அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் காலியாக இருந்தாலும் அந்தக் கட்டத்தை ஒப்பிடாமல் விட்டுவிடு. பக்கத்திலேயே ஒரு குறிப்பு. தற்காலிகம்.

ஆக, 612 பேருக்கும் நிலை என்ற கட்டம் மட்டும் பதினொரு மாதமாக ஒப்பிடப்படவே இல்லை. அந்தப் பட்டியலில் மிக முக்கியமான கட்டம் அதுதான்.

முன்னவர் இப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தார். அவருக்குத் தொலைபேசியில் பேசினாள். முதலில் உற்சாகமாகத்தான் பேசினார். அந்த வரியைப் படித்துக் காட்டியதும் குரல் இறங்கியது. மையம் குறியீட்டை மாற்றிய அன்று ரீகான் அறுநூறு வேறுபாடு காட்டியதாம், எல்லாம் வெத்து. அந்த இரைச்சலில் உண்மையான ஒன்றிரண்டு வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடும் என்று பயந்துதான் வாயை அடைத்தாராம். புதிய எண்களின் பட்டியல் மையத்திலிருந்து வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாராம். பட்டியல் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் அவர் வேலை மாறிவிட்டார்.

"எத்தனை பேருங்க?" என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றாள். தெரிந்ததும் சொல்லச் சொன்னார்.

எண்களுக்குப் பொருள் சொல்லும் அட்டவணையை நிரலில் சேர்த்தாள். தெரியாத குறியீடு வந்தால் இனிமேல் அதை விட்டுவிடாமல் சத்தம் போடச் சொன்னாள். ஓட்டினாள். வேறுபாடு: 23.

அதில் எல்லாமே விலகல் என்று சொல்ல முடியாது. காலை ஆறு மணிக் கோப்புக்குப் பிறகு இங்கே மாற்றிய பதிவுகளும் அதில் கலந்திருக்கும். அவை வழியில் இருப்பவை. மையத்திலிருந்து புதிதாக ஒரு கோப்பு வாங்கி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஓட்டினாள். ஆறு தானாக மறைந்தன. பதினேழு அப்படியே நின்றன.

மேலாளரிடம் போனாள். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட செய்தியைக் கேட்டதும் அதை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர். சீர்செய்யும் நிரல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வேறுபடுகிற இடத்தில் எல்லாம் நம் பதிவேட்டில் இருப்பதை எடுத்து மையத்தில் மேலெழுதிவிடும். மதியத்துக்குள் அதை ஓட்டிவிட்டு விஷயத்தை மூடச் சொன்னார். நோயாளிகளின் மூலப் பதிவு நம்முடையது, அதனால் நாம் சொல்வதுதான் சரி என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இந்த நிமிடமே ஒரு தானம் வந்தால் அந்தப் பதினேழு பேருக்கு என்ன ஆகும் என்றும் கேட்டார்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தாள். எதையும் மாற்றாமல், மாற்றினால் என்னென்ன மாறும் என்று மட்டும் பட்டியல் போடச் சொல்லி, அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு, இரண்டாம் மாடிக்குப் படியில் ஏறிப் போனாள். அங்கேதான் லிஸ்ட் அக்கா இருந்தார். மாற்று அறுவைச் சிகிச்சைப் பிரிவின் மூத்த செவிலியர். காத்திருப்பவர்களை எல்லாம் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது.

"இவர் போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சும்மா."

நம் பதிவேட்டில் அவர் 'தயார்'. வீட்டில் இறந்திருக்கிறார், அரசுப் பதிவிலிருந்து மையத்துக்குத் தகவல் போயிருக்கிறது, இங்கே யாரும் மாற்றவில்லை. சீர்செய்யும் நிரலை ஓட்டியிருந்தால், மையத்தின் பட்டியலில் அவர் உயிரோடு எழுந்து வந்திருப்பார். ஒரு நாள் அவர் வீட்டுத் தொலைபேசி அடித்திருக்கும்.

அன்று முழுவதும் இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து பதினேழு வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். காகிதக் கோப்பு, மருத்துவர் குறிப்பு, மையத்துக்கு ஒரு தொலைபேசி. இறந்தவர்கள் நான்கு பேர். ஒன்பது பேரை மையமே நிறுத்தி வைத்திருந்தது: பொருத்தம் பார்ப்பதற்குத் தேவையான புதிய இரத்த மாதிரி அங்கே போய்ச் சேரவில்லை. மையம் செய்தது சரி, நமக்குத்தான் தெரியவில்லை. மாதிரியை அனுப்பாமல் 'தயார்' என்று மேலெழுதினால், பெயர் வரிசையில் முன்னால் வரும், ஆனால் பொருத்தம் பார்க்க முடியாது. அக்கா அந்த ஒன்பது பேருக்கும் மாதிரி எடுக்க அன்றே ஆள் அனுப்பினார்.

மிச்சம் நான்கு பேர். அவர்கள் விஷயத்தில் நம் பதிவேடு சரி, மையம் தவறு. நான்கு பேரும் தயாராக இருந்தார்கள். மையத்தின் கண்ணுக்கு அவர்கள் நிறுத்தப்பட்டவர்கள். மூன்று பேருக்கு இது சில நாட்கள், சில வாரங்கள். நான்காவது ஆளுக்கு எட்டு மாதம்.

அந்த நான்கையும் கையால் ஒவ்வொன்றாகத் திருத்தி, மையத்துக்காரரைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொண்டு, அவர் திரையில் மாறியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மணி நான்கு ஆகியிருந்தது. இருவருமே மதியம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எட்டு மாதக்காரர் ஒரு பேருந்து ஓட்டுநர். துருவிக்கு அவர் முகம் தெரியும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருவார். வெளியே நடைவழியில் அவர் மனைவி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவள் அந்த வழியாகத்தான் தினமும் கேன்டீனுக்குப் போவாள்.

எப்படி நடந்தது என்று செய்திப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தாள். அவருக்குக் கிருமித்தொற்று வந்து நிறுத்தி வைத்திருந்த நேரம். ஒரு நாள் காலை எழுத்தர் ஒருவர் அவருடைய தொலைபேசி எண்ணை மாற்றினார். ஒரு கட்டத்தை மாற்றினாலும் முழுப் பதிவும்தான் செய்தியாகப் போகும். அதில் நிலை 'நிறுத்தம்' என்று இருந்தது. இணைப்பு படுத்திருந்ததால் செய்தி போகவில்லை, பிறகு அனுப்பலாம் என்று வரிசையில் காத்திருந்தது. பதினொன்றரைக்கு மருத்துவர் அவர் குணமாகிவிட்டதாக எழுதினார். அக்கா 'தயார்' என்று மாற்றினார். இணைப்பு வந்துவிட்டது, அந்தச் செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. இரண்டு மணிக்கு, காத்திருந்த காலைச் செய்தி மறுமுயற்சியில் போனது. பழைய செய்தி, புதியதற்குப் பிறகு போய், அதை அழித்து உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்குமே மையத்திலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்திருந்தது. எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

அவருடைய இடம் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதால் வரிசையில் அவர் எதையும் இழக்கவில்லை, பதிவும் சரியாகிவிட்டது, இனிமேல் இதைப் போய்ச் சொல்லி அவரைக் கலக்க வேண்டுமா என்று மேலாளர் கேட்டார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க வீட்டு ஃபோன் நம்பர் எனக்கு மனப்பாடம் சார். எட்டு மாசமா, ஏன் கூப்பிடலன்னு கேக்கும்போதெல்லாம் பொறுமையா இருங்கன்னு சொன்னது நான்தான்."

அதற்குப் பிறகு மேலாளர் மறுப்பு சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: சொல்வதென்றால் முழுவதும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அது சரியான பேச்சு. மையத்துக்கு எழுதினார்கள். எட்டு மாதத்தில் வந்த ஒவ்வொரு தானத்துக்கும், இவர் தயாராக இருந்திருந்தால் வரிசை எப்படி அமைந்திருக்கும் என்று மையம் திரும்ப ஓட்டிப் பார்த்தது. மொத்தம் முப்பத்தொரு தானம். முப்பதில் இவர் பெயர் எட்டாத தூரத்தில் இருந்தது. ஐந்தாம் மாதத்தில் வந்த ஒன்றில் இவர்தான் முதல் ஆள்.

அந்தப் பதில் வந்த நாளிலிருந்து சனிக்கிழமை வரை அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கேன்டீனுக்குச் சுற்றுவழியாகப் போனாள். குழாயை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று வீட்டில் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். மூன்றாவது தடவை கணவனே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் பக்கத்து அறையில் ஓட்டுநரையும் அவர் மனைவியையும் உட்கார வைத்தார்கள். சொல்வது மருத்துவரின் வேலை. அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: பட்டியலில் எட்டு மாதம் உங்கள் பெயர் நிறுத்தப்பட்டதாக இருந்தது, தவறு எங்களுடையது, அதற்குள் ஒரு சிறுநீரகம் உங்களுக்கு வந்திருக்கலாம், கடைசிப் பொருத்தப் பரிசோதனை செய்யாததால் உறுதியாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எப்படி நடந்தது என்பதைத் துருவி சொன்னாள்.

ஓட்டுநர் கையில் கட்டுப்போட்ட இடத்தை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, இப்போது சட்டைக்குள் பாதிதான் இருந்தது. பிறகு பேசினார்.

"எங்க அண்ணன் போன ஆடிக்கு முன்னாடி தவறிட்டாரு. அஞ்சு மணி நேரப் பயணம். அங்க போயிட்டா, கூப்பிட்டா நேரத்துக்கு வர முடியாதுன்னு நான் போகல. அண்ணன் முகத்தைப் பாக்கல."

எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார். அறைக்கு வெளியே தரையில் அவர் செருப்புச் சத்தம் மெதுவாகத் தேய்ந்து போனது. மருத்துவர் பின்னால் போக எழுந்தார். மனைவி கையை நீட்டித் தடுத்தார்.

"அவர் கொஞ்சம் நடக்கட்டும். எனக்குச் சொல்லுங்க. இப்ப சரியா இருக்குன்னீங்க. அது எப்படித் தெரியும்? அப்பவும் சரியாத்தான் இருக்குன்னு நெனச்சீங்க."

துருவிக்கு இதைவிட நியாயமான கேள்வியை இந்த மூன்று மாதத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்த அம்மாவைக் கணினிப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். ஒரு திரையில் நம் பதிவேடு. இன்னொன்றில், மையத்திடம் அனுமதி வாங்கி, அவர்கள் பட்டியலில் அந்த ஒரு பெயருக்கான வரி. இரண்டிலும் 'தயார்'. அந்த அம்மா இரண்டையும் விரல் வைத்துப் படித்தார். தேதியைப் படித்தார். புதிய தொலைபேசி எண்ணைத் தன் கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"குளிக்கற எடத்துக்குக்கூட இதை எடுத்துட்டுத்தான் போனேன்" என்றார், கைபேசியைப் பையில் போட்டபடி. பிறகு, "இதை எனக்கு வாரா வாரம் காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

வாரா வாரம் எல்லோரையும் கணினிப் பிரிவுக்கு அழைத்து வந்து காட்ட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் அடுத்தது வந்தது. காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு கடிதம்: மையத்தின் பட்டியலில் இன்றைய தேதியில் உங்கள் நிலை இது; தவறாகத் தோன்றினால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். கடிதத்தில் இருக்கும் நிலை நம் பதிவேட்டிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது, மையத்திலிருந்தே வந்ததாக இருக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். முதல் மாதமே பதினோரு பேர் பேசினார்கள். ஒன்பது பேர் கடிதம் புரியாமல் பேசியவர்கள். இரண்டு பேர் சொன்னது உண்மை.

நிரலையும் மாற்றினாள். மறுமுயற்சியில் பழைய நகலை அனுப்பாமல், அந்த நேரத்தில் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து அனுப்பச் சொன்னாள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் போட்டாள். கையில் இருப்பதைவிடச் சின்ன எண்ணோடு ஒன்று வந்தால் ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிட மையமும் ஒப்புக்கொண்டது. ரீகான் ஓடுவதற்கு முன்னால், மையத்திலிருந்து வந்த கோப்பின் நகலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொய் வேறுபாட்டை நுழைத்து, அது கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வைத்தாள். கண்டுபிடிக்கவில்லை என்றால் அன்றைய முடிவு செல்லாது. சீர்செய்யும் நிரலின் பொத்தானை எடுத்தே விட்டாள். எந்தப் பக்கம் சரி என்று ஒரு மனிதர் கோப்பைப் பார்த்துச் சொல்லாமல், நிலை என்ற கட்டத்தில் இனி எதுவும் தானாக மாறாது. மேலாளர் அந்த மாதக் கூட்டத்தில் திரையில் எண் எதுவும் போடவில்லை.

ஓட்டுநருக்கு ஐந்தாவது வாரம் ஒரு அழைப்பு வந்தது. வந்தார், கடைசிப் பரிசோதனையில் பொருந்தவில்லை, திரும்பிப் போனார். அடுத்தது வருவதற்கு மேலும் ஏழு மாதம் ஆனது. அது பொருந்தியது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிறகு பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அக்காவிடம் நின்று பேசுவார். துருவியைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். அதற்கு மேல் பேசியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, எல்லாம் ஓரளவு அடங்கியது என்று மற்றவர்கள் மூச்சு விட்ட சமயத்தில், அவளை இன்னொரு நினைப்பு பிடித்துக்கொண்டது. பதினேழு என்பது அன்றைக்கு விலகியிருந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். அதற்கு முன்னால் விலகியிருந்து, பிறகு வேறு ஏதோ ஒரு திருத்தத்தில் தற்செயலாகச் சரியானவர்கள் இருக்கலாம். விலகியிருந்தபடியே இறந்தவர்களும் இருக்கலாம். இறந்த பிறகு இரண்டு பக்கத்திலும் பெயர் நீக்கப்பட்டிருக்கும், இரண்டும் பொருந்திவிடும், எந்த ஒப்பீட்டுக்கும் அவர்கள் அகப்பட மாட்டார்கள்.

இது வேண்டாத வேலை என்றார் மேலாளர். பிறகு, ஒரு வாரம் எடுத்துக்கொள் என்றும் அவரேதான் சொன்னார். மையத்தின் கோப்புகள் ஓராண்டுக்கு இருந்தன. நம் பக்கத்தில் ஒவ்வொரு மாற்றத்தின் தேதியும் நேரமும் இருந்தன. இரண்டையும் வைத்து, அந்தப் பதினொரு மாதத்தின் ஒவ்வொரு காலையையும் திரும்பக் கட்டி, சரிசெய்த ரீகானை முந்நூற்று முப்பத்தைந்து தடவை ஓட்டினாள்.

தானாகச் சரியானவர்கள் ஐந்து பேர். விலகியபடியே இறந்தவர் ஒருவர். அறுபத்திரண்டு நாள். ஒரு தையல்காரரின் மனைவி.

மையம் திரும்ப ஓட்டிப் பார்த்தது. அந்த அறுபத்திரண்டு நாளில் வந்த எந்தத் தானமும் அந்த அம்மாவின் இரத்த வகைக்குப் பொருந்தியிருக்காது. அவர்கள் எதையும் இழக்கவில்லை. பதிலைப் படித்தபோது பெரிய சுமை இறங்கியது போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இறங்கவில்லை.

போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றார் அக்கா. ஒரு புதன்கிழமை காலை இருவரும் போனார்கள். சந்தைக்குப் பின்னால் ஒடுக்கமான தெரு. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள். ஒன்றுக்கு உறை போட்டு மூடியிருந்தது. தையல்காரர் தோளில் அளவு நாடா தொங்க, தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அக்காதான் எல்லாவற்றையும் சொன்னார். முடிந்த பிறகு அவர் கேட்டார்.

"வரவேண்டியது எதுவும் விட்டுப் போகலன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அக்கா சொன்னார்: "அறுவத்திரண்டு நாள் நாங்க தப்பா வச்சிருந்தோம். அது எங்களுக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

அவர் கொஞ்ச நேரம் இயந்திரத்தின் சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பையன் வெளியூரில் இருக்கிறான், வாயால் சொன்னால் தனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது என்றார். துருவி பையிலிருந்து தாளை எடுத்தாள். கொண்டு வந்திருந்த அச்சுப் பிரதியைப் பார்த்து, பதிவு எண், பிறந்த தேதி, விலகியிருந்த நாட்கள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். நீட்டினாள்.

அவர் அதை எட்டத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"வருஷம் தப்பு. அவ என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. இதுல என்னைவிட மூத்தவளா இருக்கா."

துருவி அச்சுப் பிரதியைப் புரட்டினாள். நம் பதிவேட்டில் அந்த ஆண்டுதான். மையத்தின் கோப்பிலும் அதே ஆண்டுதான். ஆரம்பத்தில் யாரோ ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து அப்படியே மையத்துக்கும் போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்ததால், இத்தனை தடவை ஓட்டியும் அந்த வரி அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"சரியான வருஷம் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். அவள் பழைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, திருத்திய இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை வந்து, வெயிலாக இருக்கிறது, பேருந்து நிறுத்தத்துக்கு இந்தப் பக்கமாகப் போனால் நிழல் இருக்கும் என்று கையைக் காட்டினார்.

பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். துருவி மடியில் கிடந்த அச்சுப் பிரதியை மறுபடியும் விரித்தாள். பிறந்த ஆண்டை வைத்து வயதைக் கணக்கிட்டுப் பார்த்தாள். அடுத்த வரியில் இருந்தவரின் வயதையும் பார்த்தாள். இவை சரிதானா என்று யாரிடம் கேட்பது என்று யோசித்தபடி, இறங்கவேண்டிய நிறுத்தம் வரும்வரை அந்தத் தாளிலேயே கண்ணாக இருந்தாள்.